பயிற்சி புரிந்ததா? பின்னூட்டப் படிவத்தில் கேட்க வேண்டியவை

பின்னங்கள் கற்பித்தல் குறித்து எங்கள் குறுவள மையத்தில் கருத்தாளராகப் பயிற்சி அளித்தேன். மொத்தம் 26 ஸ்லைடுகள். முடிவில் வழக்கமான பின்னூட்டப் படிவத்தைக் கொடுத்தேன். 'பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?', 'கருத்தாளர் தெளிவாக விளக்கினாரா?' என்ற கேள்விகளுக்கு ஏறக்குறைய அனைவரும் 'மிக நன்று' என்றே குறித்திருந்தார்கள். மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியை ஒருவரின் ஐந்தாம் வகுப்பைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க அண்ணன் கால் தோசைதான் சாப்பிட்டான். நான் அரை தோசை சாப்பிட்டேன். ஆனா அவன் சாப்பிட்டதுதான் நிறைய" என்றாள். "அரைதான் எப்பவும் பெரிசு, உட்காரு" என்றார் ஆசிரியை. முழுமை ஒரே அளவில் இருந்தால்தான் இரு பின்னங்களை ஒப்பிட முடியும் என்பது என் பயிற்சியின் மையக் கருத்துகளில் ஒன்று. அது அவரிடம் சென்று சேரவில்லை. சேர்ந்ததா என்று என் படிவமும் கேட்கவில்லை.

அடுத்த குழுவுக்கு முன் படிவத்தை மாற்றி எழுத உட்கார்ந்தேன். முதலில் 26 ஸ்லைடுகளையும் மூடி வைத்துவிட்டு, 'இந்தப் பயிற்சியிலிருந்து ஆசிரியர்கள் எதை எடுத்துச் செல்ல வேண்டும்?' என்று முழு வாக்கியங்களாக எழுதினேன். மூன்று வாக்கியங்களே தேறின. பங்குகள் சம அளவாக இருக்க வேண்டும்; முழுமை எது என்று முதலில் கேட்க வேண்டும்; பின்னமும் எண்கோட்டில் இடம் உள்ள ஓர் எண். ஒரு கருத்துக்கு ஒரு கேள்வி என முடிவு செய்தேன்.

முதலில் 'பின்னம் என்றால் என்ன?' என்று எழுதினேன். ஸ்லைடில் இருந்த வரியையே திருப்பி எழுதினால் போதும் என்பதால் அதை நீக்கினேன். அடுத்து, '1/3, 1/4 இவற்றில் எது பெரிது?' என்று எழுதி, பயிற்சிக்கு வராத சக ஆசிரியரிடம் காட்டினேன். உடனே சரியாகச் சொன்னார். பயிற்சிக்கு வராதவரும் எளிதாக விடையளிக்கும் கேள்வி, பயிற்சியைப் பற்றி எதையும் சொல்லாது. அதையும் நீக்கினேன். பிறகுதான் வகுப்பில் கேட்ட தோசை நினைவுக்கு வந்தது.

'மாணவி இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?
அ) அரை எப்போதும் காலைவிடப் பெரிது என்று திருத்துவேன்.
ஆ) இருவரின் தோசையும் ஒரே அளவா என்று கேட்பேன்.
இ) பகுதிகளைச் சமமாக்கி, எது பெரிது என்று காட்டுவேன்.
ஈ) உறுதியாகத் தெரியவில்லை.'

தவறான விடைகளை நான் கற்பனை செய்யவில்லை. அ, இ இரண்டும் வகுப்பறைகளில் நடப்பவை. யாரும் நம்பாத விடையை வைத்தால், சரியான விடை தானாகவே தெரிந்துவிடும். 'உறுதியாகத் தெரியவில்லை' என்ற வாய்ப்பு இருந்தால், தெரியாதவர் ஊகித்துக் குறிக்க வேண்டியதில்லை. பெயர் எழுதும் இடத்தையும் எடுத்துவிட்டு, படிவத்தின் மேலே 'இது உங்களுக்கான தேர்வு அன்று. என் ஸ்லைடுகளுக்கான தேர்வு' என்று எழுதினேன்.

அடுத்த குழுவில் 38 ஆசிரியர்கள். மொத்த மதிப்பெண் போடாமல், ஒவ்வொரு கேள்விக்கும் எந்த விடையை எத்தனை பேர் குறித்தார்கள் என்று மட்டும் எண்ணினேன். மற்ற இரு கேள்விகளுக்கும் பெரும்பாலோர் சரியாகக் குறித்திருந்தனர். தோசைக் கேள்விக்கு ஆ என்றவர்கள் 11 பேர்; அ என்றவர்கள் 21 பேர்; இ 2; ஈ 4. இத்தனை பேர் ஒரே தவறான விடையில் கூடினால், கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஏதோ ஒன்று அவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறது.

ஸ்லைடுகளைத் திரும்பப் பார்த்தேன். 14ஆம் ஸ்லைடில் 'முழுமை முக்கியம்' என்று எழுதியிருந்தேன். ஆனால் அதிலும், அதற்கு முன்னும் பின்னும் இருந்த எல்லாப் படங்களிலும் வட்டங்கள் ஒரே அளவு! எழுத்து ஒன்றைச் சொல்ல, படங்கள் வேறொன்றைப் பழக்கியிருந்தன. அந்த ஆசிரியை வகுப்பில் சொன்னதும் நான் காட்டிய படங்களைத்தான்.

இப்போது அந்த ஸ்லைடில் ஒரு பெரிய தோசையும் ஒரு குட்டித் தோசையும் இருக்கின்றன. எது அதிகம் என்று ஆசிரியர்களே இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். அதற்குப் பின் வந்த குழுவில் தோசையைப் பந்தாக்கி, சூழலை மாற்றாமல், அதே கேள்வியைக் கேட்டால் விடை வெளிப்படையாகிவிடும் என்பதால், தோசைக்குப் பதில் இரு வேறு நீளமுள்ள ரிப்பன்களை வைத்துக் கேட்டேன். 36 பேரில் 29 பேர் ரிப்பன்களின் நீளத்தைக் கேட்பதாகக் குறித்தார்கள். குழு வேறு என்பதால் முழுப் பலனும் ஸ்லைடு மாற்றத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

படிவம் சொல்வது, பயிற்சி அறையை விட்டு வெளியேறும்போது கருத்து புரிந்திருந்ததா என்பதை மட்டுமே. வகுப்பில் அது நடக்கிறதா என்று அறிய, மாணவர் குறிப்பேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் படிவத்தில் 21 பேர் ஒரே இடத்தில் தடுமாறியதைப் பார்த்த பிறகு, குறிப்பேட்டில் எதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.