கேள்வியிலேயே பதிலை வைக்காதீர்கள்!



யூடியூபில் ஒரு வீடியோ போட்டால், எந்த நிமிடத்தில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று வரைபடமே காட்டிவிடும். ஏன் போனார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்குப் பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதே இக்கட்டுரை.

திருகு அளவியைப் படிப்பது பற்றி நாங்கள் எட்டு நிமிட வீடியோ ஒன்று தயாரித்தோம். முதல் மூன்று நிமிடம் மீச்சிற்றளவு. அதன் பிறகு பூச்சியப் பிழை. மூன்றாவது நிமிடத்தில் கோடு சட்டென்று இறங்கியது. "போர் அடிச்சிருக்கும்பா" என்றான் ஒரு நண்பன். "மீச்சிற்றளவு தெரிஞ்சாப் போதும்னு போயிருப்பாங்க" என்றான் இன்னொருவன். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றுதான்!

கேட்பதற்கு நண்பன் எழுதித் தந்த கேள்வி இது: "எங்கள் பயனுள்ள வீடியோவில் பூச்சியப் பிழை விளக்கம் மிக நீளமாக இருந்ததா? ஆம் / இல்லை." 'பயனுள்ள' என்ற சொல், குறை சொல்ல நினைப்பவர் வாயை அடைத்துவிடுகிறது. 'மிக நீளமாக' என்பது, அவருக்குத் தோன்றாத காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்கிறது. வேறு காரணம் உள்ளவருக்கோ இடமே இல்லை.

சொல் மாறினால் பதிலும் மாறும். 1940-இல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர் இதைச் சோதித்தார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சை 'அனுமதிக்கலாமா' என்று கேட்டபோது 62 சதவீதத்தினர் கூடாது என்றனர். 'தடை செய்யலாமா' என்று கேட்டபோதோ 46 சதவீதத்தினரே ஆம் என்றனர். விஷயம் ஒன்று, சொல்தான் வேறு.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றினேன்: "திருகு அளவி வீடியோவை எதுவரை பார்த்தீர்கள்? இடையில் நிறுத்தியிருந்தால் ஏன்?"

1. முழுவதும் பார்த்தேன்
2. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது
3. விளக்கம் புரியவில்லை
4. பேச்சு சரியாகக் கேட்கவில்லை
5. வேறு காரணம் (கீழே எழுதவும்)

யூடியூப் வாக்கெடுப்பில் ஐந்து விடைகளுக்குத்தான் இடம், அதுவே போதும். ஒவ்வொரு விடைக்கும் என்ன செய்வோம் என்பதை முன்பே எழுதி வைத்தோம். இரண்டாவது மிகுந்தால் வீடியோவை இரண்டாகப் பிரிப்பது. மூன்றாவது மிகுந்தால் பூச்சியப் பிழையை மறுபடி படமெடுப்பது. நான்காவதென்றால் லேத் ஓடாத நேரத்தில் ஒலிப்பதிவு. எந்தச் செயலுக்கும் உதவாத விடையைக் கேட்டுப் பயனில்லை.

வெளியிடும் முன் ஒரு சோதனை உண்டு. வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் கேள்வியைக் கொடுத்து, "நாங்க எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம்னு தோணுது?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், கேள்வி சாய்ந்திருக்கிறது.

ஓர் எல்லையும் உண்டு. வாக்கெடுப்பு பெரும்பாலும் நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர் கண்ணில்தான் படும். அலுத்துப்போய் ஒரேயடியாக விட்டுப் போனவர் கண்ணில் அரிதாகவே படும். நம் புதுச்சேரியில் மாஹேயும் ஏனாமும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழ் புரியாமல் நிறுத்திய மலையாள, தெலுங்கு மாணவர் தமிழ்க் கேள்விக்கா பதில் போடுவார்? அவருக்கு அவர் மொழியில்தான் கேள்வி போக வேண்டும். அதுவரை, வந்த பதில் பதிலளித்தவர்களுடையது மட்டுமே என்று எழுதி வைப்பதே நேர்மை.