சுவருக்கு எத்தனை ஹாலோ பிளாக்?

உள்ளளவில் 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சுவரின் கனம் 20 செ.மீ., உயரம் 3 மீட்டர். வெளியளவை எடுத்தால் மூலைகள் இருமுறை கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே சுவரின் நடுக்கோட்டை அளக்க வேண்டும்.

நீளம் = 2 × (4.2 + 3.2) = 14.8 மீட்டர்
பரப்பு = 14.8 × 3 = 44.4 சதுர மீட்டர்

கதவு (1 × 2) 2 சதுர மீட்டர், சன்னல்கள் இரண்டு (1.2 × 1) 2.4 சதுர மீட்டர். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 40 சதுர மீட்டர்.

பிளாக்கின் முகப்பு 39 × 19 செ.மீ. 1 செ.மீ. கலவையும் சேர்ந்து 40 × 20 ஆகும். எனவே சதுர மீட்டருக்கு 12½ வீதம் 500 பிளாக் தேவை. உடைசலுக்கு நூற்றுக்கு 5 சேர்த்து 525 வாங்கலாம். திறப்புகளைக் கழிக்க மறந்தால் 55 பிளாக் மிகுதியாகும்.

இனி கலவை. பிளாக்கின் கனமும் 19 செ.மீ. தான்.

சுவரின் கனஅளவு = 40 × 0.19 = 7.60 கன மீட்டர்
500 பிளாக்கின் கனஅளவு = 7.04 கன மீட்டர்
கலவை = 0.56 கன மீட்டர்

நீர் சேர்ந்ததும் சிமெண்டும் மணலும் அடங்கிவிடுவதால், உலர்ந்த நிலையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 0.75 கன மீட்டர் வேண்டும். சிமெண்ட் 1, மணல் 6 என்று கலந்தால் 50 கிலோ மூட்டை 3 போதும்.

இக்கணக்கில் பிளாக்கின் துளைகள் சேரவில்லை. கொத்தனார் துளைகளின் மேலும் கலவையைப் பரப்பினால் அது உள்ளே விழுந்துவிடும். மூன்று மூட்டை போதாது. ஆகவே துளையை விட்டு, பிளாக்கின் விளிம்புகளில் மட்டும் கலவை இடவேண்டும்.