தேவை தெரியாத மாதத்தில் எவ்வளவு உற்பத்தி செய்வது?

புனேயின் ஹடப்சரில் 1966-இல் தொடங்கப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனத்தின் முன் 2020-ஆம் ஆண்டில் இரண்டு வழிகள் இருந்தன. கோவிஷீல்டு தடுப்பூசியின் ஆய்வு முடிவுகளும் அரசின் ஒப்புதலும் வரும்வரை காத்திருந்து உற்பத்தியைத் தொடங்குவது ஒன்று. ஒப்புதல் கிடைக்காவிட்டால் அனைத்தும் வீணாகும் என்று அறிந்தே முன்கூட்டித் தயாரித்து வைப்பது மற்றொன்று. நிறுவனம் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 2021 ஜனவரி 3-ஆம் நாள் அவசரகாலப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டபோது, நான்கு முதல் ஐந்து கோடி டோஸ் வரை கையிருப்பில் இருந்ததாக நிறுவனம் கூறியது. ஜனவரி 16-இல் நாடு தழுவிய தடுப்பூசி இயக்கம் தொடங்கியது.

அதே நிறுவனம் மறுபக்கத்தையும் கண்டது. தேவை குறைந்ததால் 2021 டிசம்பரில் அத்தடுப்பூசியின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 10 கோடி டோஸ் காலாவதியாகி அழிக்கப்பட்டதாக 2022 அக்டோபரில் அதன் தலைமை அதிகாரி ஆதார் பூனாவாலா தெரிவித்தார். குறைவாகத் தயாரித்தால் கைநழுவும் வரவு, மிகுதியாகத் தயாரித்தால் தேங்கும் சரக்கு ஆகிய இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் கணக்கையே இங்கு காண்போம். இது பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரிய கணக்கன்று. நம் வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் பெற்றுள்ள சிறு பட்டறைகளுக்கும் மாதந்தோறும் பயன்படுவது.

ஹடப்சர் தொழிற்பேட்டையில், மருந்துகளைக் குளிர் குறையாமல் அனுப்பப் பயன்படும் தெர்மோகோல் பெட்டிகளைச் செய்யும் ஒரு சிறு பட்டறை இருப்பதாகக் கொள்வோம். இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. பெட்டியின் விலை 140 ரூபாய். மூலப்பொருள், மின்சாரம், அச்சு ஆகியவற்றுக்கு ஆகும் மாறுபடும் செலவு 80 ரூபாய். விற்கும் ஒவ்வொரு பெட்டியும் 60 ரூபாயைப் பங்களிப்பாகத் தருகிறது. வாடகை, கடன் தவணை, நிரந்தர ஊழியர் சம்பளம் ஆகியவை இந்தப் பங்களிப்பிலிருந்தே செலுத்தப்பட வேண்டும். வாங்குபவரின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதால், விற்காத பெட்டியை வேறொருவருக்கு விற்க இயலாது. கழிவாகப் போட்டால் 20 ரூபாய் கிடைக்கும். ஆகவே விற்காத பெட்டி ஒவ்வொன்றிலும் 60 ரூபாய் நட்டம்.

முதல் திட்டம், ஒரே ஷிப்டில் 4,000 பெட்டிகள். இரண்டாம் திட்டம், கூடுதல் ஆள்களை மாதம் முழுவதற்கும் அமர்த்தி 5,000 பெட்டிகள். இதற்குக் கூடுதல் செலவு 30,000 ரூபாய். வாடகையும் தவணையும் இரு திட்டங்களுக்கும் ஒன்றே. எனவே எது மேல் என்று ஒப்பிடும்போது அவற்றை விட்டுவிடலாம்.

தேவை 3,000 ஆக இருக்க நூற்றுக்கு 30 வாய்ப்பு, 5,000 ஆக இருக்க 40, 7,000 ஆக இருக்க 30 என்று உரிமையாளர் மதிப்பிடுகிறார். சராசரித் தேவை 5,000. பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றனர். சராசரியாக 5,000 விற்கும் என்று வைத்துக்கொண்டால் முதல் திட்டம் 2,40,000 ரூபாயும், இரண்டாம் திட்டம் கூடுதல் செலவு போக 2,70,000 ரூபாயும் தருகின்றன. இரண்டாவதே மேல் என்று தோன்றும். ஆனால் தேவை 7,000 ஆக உயரும் மாதத்திலும் 5,000 பெட்டிகளுக்கு மேல் விற்க முடியாது. நல்ல மாதத்தின் மிகுதி, மோசமான மாதத்தின் குறையை ஈடுசெய்வதில்லை. சராசரி இந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு தேவை நிலைக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். முதல் திட்டத்தில் தேவை 3,000 ஆனால் விற்பனையில் 1,80,000 வரவு, எஞ்சிய 1,000 பெட்டிகளில் 60,000 நட்டம், நிகரம் 1,20,000. மற்ற இரு நிலைகளிலும் 2,40,000. இவற்றை அவற்றுக்குரிய நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்ப்பு மதிப்பு 2,04,000 ரூபாய். இரண்டாம் திட்டத்தில் தேவை 3,000 ஆனால் 1,80,000 வரவிலிருந்து, தேங்கிய 2,000 பெட்டிகளுக்காக 1,20,000-உம் கூடுதல் ஆள் செலவு 30,000-உம் கழிய, மிஞ்சுவது 30,000. மற்ற நிலைகளில் 2,70,000. எதிர்பார்ப்பு மதிப்பு 1,98,000. முடிவு தலைகீழாகிறது, முதல் திட்டம் 6,000 ரூபாய் மேலானது.

6,000 ரூபாய் சிறு வேறுபாடு. உரிமையாளரின் 30 என்ற மதிப்பீடு சற்றே தவறியிருந்தால் முடிவு என்னவாகும் என்பதே நாம் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. தேவை போதுமான மாதங்களில் இரண்டாம் திட்டம் 30,000 கூடுதலாகத் தருகிறது. மந்தமான மாதத்தில் 90,000 குறைவாகத் தருகிறது. ஒரு மந்த மாதத்தின் இழப்பை ஈடுசெய்ய மூன்று நல்ல மாதங்கள் வேண்டும். ஆகவே மந்த மாதம் நான்கில் ஒன்றுக்கும் குறைவாக வந்தால் இரண்டாம் திட்டம். அதிகமாக வந்தால் முதல் திட்டம். உச்சத் தேவை 7,000-ஆ 10,000-ஆ என்ற விவாதம் இந்தத் தேர்வை அணுவளவும் மாற்றாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்த நான்கில் ஒன்றைச் சோதிக்கப் பழைய விற்பனைப் பதிவேடே போதும். கடந்த 24 மாதங்களில் விற்பனை 3,000-ஐ ஒட்டி நின்ற மாதங்கள் ஆறா, ஒன்பதா என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அப்பதிவேடு காட்டுவது விற்பனையை மட்டுமே. சரக்குத் தீர்ந்த மாதத்தில் அது 4,000 என்றே நின்றிருக்கும். அம்மாதத் தேவை உண்மையில் 5,000-ஐ எட்டியதா, 4,200-இல் நின்றதா என்பது அதில் தெரியாது. 4,200 தான் என்றால் இரண்டாம் திட்டத்தின் 30,000 ஆதாயம் மறைந்து நட்டமாகிவிடும். எனவே இல்லை என்று சொல்லித் திருப்பிய ஆர்டர்களையும் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும்.

தேங்கும் சரக்கின் நட்டத்தை வாங்குபவர் பகிர்ந்துகொண்டால் தராசு மாறும். 2020 ஆகஸ்டில் கேட்ஸ் அறக்கட்டளை காவி அமைப்பின் வழியே 15 கோடி டாலரை ஒதுக்கி, 10 கோடி டோஸ் வரை முன்கூட்டியே தயாரிக்க ஹடப்சர் நிறுவனத்துக்குத் துணைநின்றது. ஒரு டோஸின் விலை 3 டாலரைத் தாண்டாது என்றும் உடன்பாடு செய்யப்பட்டது. நம் பட்டறையிலும், எடுத்துக்கொள்ளாத பெட்டிக்கு 50 ரூபாய் தருவதாக வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நட்டம் பெட்டிக்கு 30 ஆகக் குறையும். அப்போது முதல் திட்டத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு 2,13,000, இரண்டாவதன் மதிப்பு 2,16,000. எல்லையும் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றாக நகர்கிறது. விலையில் ஓரிரு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைவிட இந்த ஒரு வரியைப் பெறுவது மேல் என்பது நம் கருத்து.

எதிர்பார்ப்பு மதிப்பு பல மாதங்களின் சராசரி. எந்த ஒரு மாதத்திலும் கைக்கு வரும் தொகை அன்று. இப்பட்டறையின் வாடகை, சம்பளம், தவணை ஆகியவை சேர்ந்து மாதம் 75,000 என்றால், உடன்பாடு இல்லாத இரண்டாம் திட்டத்தில் மந்த மாதத்தின் 30,000 போதாது. 45,000 ரூபாய் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். அத்தகைய மாதங்கள் இரண்டு தொடர்ந்தால் 90,000. உடன்பாட்டுடன் அதே மாதத்தில் 90,000 கிடைக்கும். தவணை கட்டிய பின்னும் 15,000 மிஞ்சும். கூடுதல் ஷிப்டுக்கெனக் கடன் வரம்பை உயர்த்தக் கோரி வருவோர், மந்த மாதத்தின் இந்த வரியையும் கணக்கில் எழுதிக் கொண்டுவந்தால், கிளை மேலாளர் முதலில் பார்ப்பது அதையே.