வித்தியாசம் எதிலிருந்து?

ஜொகூரில் இருந்தபடி பலர் சேர்ந்து ஆடும் நேரடி கேம் எழுதுவோரிடையே சில தவறான எண்ணங்கள் உலவக்கூடும். மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை: சர்வர் செடனாக்கிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் சுருக்கமே வேண்டாம்.

தூரம் குறைந்தால் பிங் குறையும்; பாக்கெட்டின் எடை குறையாது. க்ளென் ஃபீட்லர் 2015இல் வெளியிட்ட சோதனையில், சுமார் 900 கனசதுரங்களின் நிலையை வினாடிக்கு 60 முறை அப்படியே அனுப்ப வினாடிக்கு 17 மெகாபிட்டுக்கு மேல் தேவைப்பட்டது. சுருக்கிய பிறகு அது 256 கிலோபிட்டுக்குள் அடங்கியது.

நம்பிக்கை: எண்ணை முழுமையாக்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

பிழை சேர்வது முழுமையாக்குவதால் அல்ல, கணக்கிடும் வரிசையால். 512 மீட்டர் அகல மைதானத்தை, மீட்டருக்கு 512 படி என்று பிரித்தால் ஓர் அச்சுக்கு 18 பிட் போதும். ஒரு படி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இப்போது மெல்ல நகரும் ஒரு கதவை நினைத்துக்கொள்ளுங்கள்: வினாடிக்கு 60 டிக், ஒவ்வொரு டிக்கிலும் 0.8 மில்லிமீட்டர்.

```
தவறு: d = round((now - old) * 512)
சரி:   d = round(now * 512) - round(old * 512)
```

முதல் வரியில் வித்தியாசம் அரைப் படியைக்கூட எட்டாததால் ஒவ்வொரு முறையும் பூஜ்யமே வரும். சர்வரில் கதவு 10 வினாடியில் 48 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆடுபவரின் திரையில் அசைந்தே இருக்காது. இரண்டாம் வரியிலோ இரண்டாவது டிக்கிலேயே கதவு ஒரு படி நகரும். பிழை ஒருபோதும் அரைப் படியைத் தாண்டாது. முதலில் முழு எண்ணாக்குங்கள், பிறகு கழியுங்கள்.

நம்பிக்கை: டெல்டா என்றால் போன பாக்கெட்டிலிருந்து வந்த மாற்றம்.

யூடிபியில் போன பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று சர்வருக்குத் தெரியாது. ஒன்று தொலைந்தால் அடுத்த டெல்டாவைத் தவறான நிலையின்மேல் கூட்டுவோம். ஆள் சுவருக்குள் நிற்பார். 1999இல் வந்த குவேக் 3 இதற்கு வழி காட்டியது. ஆடுபவரின் கணினி "இது வந்தது" என்று ஒப்புக்கொண்ட நிலையிலிருந்து மட்டுமே வித்தியாசம் எடுக்கப்படும். சர்வர் ஒவ்வொருவருக்கும் கடைசி 32 நிலைகளை வைத்திருக்கும். ஒப்புதல் அதைவிடப் பழையதானால் முழு நிலையையே அனுப்பிவிடும்.

இங்கேதான் தூரம் திரும்ப வருகிறது. வினாடிக்கு 5 மீட்டர் ஓடுபவர் ஒரு டிக்கில் 43 படி நகர்வார்; குறியோடு சேர்த்து 7 பிட் போதும். ஒப்புதல் வந்து சேர 100 மில்லிவினாடி ஆனால் அடிப்படை நிலை 6 டிக் பழையது, நகர்வு 256 படி, தேவை 10 பிட். சர்வர் பக்கத்தில் இருப்பது சுருக்கத்துக்கு மாற்று இல்லை, சுருக்கத்துக்கு உதவி.

உங்கள் லினக்ஸ் சோதனைச் சர்வரில் வேண்டுமென்றே பாக்கெட்டைத் தொலைத்துப் பாருங்கள் (`eth0` என்ற இடத்தில் உங்கள் இணைப்பின் பெயர்):

```
sudo tc qdisc add dev eth0 root netem loss 5%
```

இந்த நிலையில் ஆட்கள் சுவருக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டால், உங்கள் டெல்டா ஒப்புக்கொள்ளப்படாத நிலையிலிருந்து எடுக்கப்படுகிறது. கேமை வெளியிடும் முன் அதைத் திருத்துங்கள்.