கேள்வியை மொழிபெயர்க்கலாம், விடையை மொழிபெயர்க்க முடியாது

நம்பிக்கை: பாதுகாப்புக் கேள்விக்கு உண்மையான விடை தெரிந்தவர், அதை எந்த மொழியில் சொன்னாலும் கணக்கு திறந்துவிடும். இந்த நம்பிக்கையால் கணக்கை இழப்பவர்களில் வெளிநாட்டில் சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர்களும் உண்டு. ஜெர்மனியில் படிக்கப் போன ஒருவரை வைத்துப் பார்ப்போம். அங்கே இருந்தபோது ஜெர்மன் மொழித் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கினார். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, கடவுச்சொல் மறந்துபோய், மீட்புப் பக்கத்துக்கு வருகிறார். "In welcher Stadt wurden Sie geboren?" என்று பக்கம் கேட்கிறது. உலாவியின் மொழிபெயர்ப்பு வசதி அதைத் தமிழாக்கி, எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று காட்டுகிறது. கேள்வி தமிழில் இருப்பதால் அவரும் தமிழிலேயே "திருச்சி" என்று தட்டுகிறார். தவறு என்கிறது தளம். "Tiruchi" என்கிறார், அதுவும் தவறு. "Tiruchirappalli" என்று முழுப்பெயரைப் போடுகிறார், கணக்கு பூட்டிக்கொள்கிறது. கணக்குத் தொடங்கிய அன்று அவர் எழுதியிருந்தது "Trichy". மூன்று முறையும் அவர் சொன்னது உண்மை. ஆனால் தளம் உண்மையைக் கேட்கவில்லை, அன்று தட்டிய ஆறு எழுத்துகளைத்தான் கேட்டது.

ஏன் இப்படி என்பது, விடை எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று பார்த்தால் விளங்கும். பொறுப்பாகக் கட்டப்பட்ட தளம் உங்கள் விடையை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதை ஹாஷ் என்ற கணக்கீட்டில் போட்டு அரைத்து, வரும் குறியீட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. மாவைக் கொண்டு அரிசியைத் திரும்பப் பெற முடியாததுபோல, அந்தக் குறியீட்டிலிருந்து விடையை மீட்க முடியாது. மீட்புப் பக்கத்தில் நீங்கள் தட்டுவதையும் அதேபோல அரைத்து, இரண்டு குறியீடுகளும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு முழுக்க மாறிவிடும் என்பதால், "ஏறக்குறைய சரி" என்ற நிலையே இதில் இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் ஓரங்களில் உள்ள இடைவெளியையும் பல தளங்கள் அரைப்பதற்கு முன்பே சமன் செய்துவிடுகின்றன. ஆனால் Trichy என்பதும் திருச்சி என்பதும் ஒரே ஊர் என்று அவற்றுக்குத் தெரிய வழியே இல்லை.

உலாவியின் மொழிபெயர்ப்பு திரையில் தெரியும் சொற்களைத்தான் மாற்றுகிறது. தளத்தின் கணினியில் இருக்கும் எதையும் அது தொடுவதில்லை. இது பாதுகாப்பானது என்று தோன்றும், ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பல கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கீழிறங்கு பட்டியலில், ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாள மதிப்பைத் தளம் கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த வரியில் தெரியும் எழுத்தே மதிப்பாகத் தளத்துக்கு அனுப்பப்படும். அந்த எழுத்தை உலாவி தமிழாக்கியிருந்தால், தமிழாக்கம்தான் போய்ச் சேரும். தளம் தன் ஜெர்மன் கேள்வியை எதிர்பார்த்திருக்க, அதற்கு அறிமுகமே இல்லாத வாக்கியம் வந்து நிற்கும். அப்போது சரியான விடையும் பயனற்றுப் போகும். ஆகவே கேள்வியை மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளுங்கள், அதன்பின் மொழிபெயர்ப்பை அணைத்துப் பக்கத்தை மூலமொழிக்குத் திருப்பி, பிறகு விடையைத் தட்டுங்கள். கேள்வியை இன்னொரு கருவியில் படித்துக்கொள்வது இன்னும் நல்லது.

அப்படியானால் தொடக்கத்திலேயே தமிழில் விடை எழுதிவிட்டால் குழப்பம் இராதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் தமிழ் எழுத்துக்குக் கணினிக்குள் வேறொரு சிக்கல் இருக்கிறது. "கோவை" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இதன் முதல் எழுத்தை ஒரே ஓகாரக் குறியோடும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம்.

```
U+0B95 U+0BCB U+0BB5 U+0BC8
U+0B95 U+0BC7 U+0BBE U+0BB5 U+0BC8
```

திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது நான்கு குறிகள், இரண்டாவது ஐந்து. எது உருவாகும் என்பது நீங்கள் தட்டும் விசைப்பலகையைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாக்க யூனிகோடிலேயே சமனாக்கும் முறை இருக்கிறது. கடவுச்சொற்களைச் சேமிக்கும் முன் அதைச் செய்ய வேண்டும் என்று இணையத் தர ஆவணங்களும் சொல்கின்றன. ஆனால் அதைச் செய்யாத தளத்தில், கணினியில் எழுதிய கோவையும் கைபேசியில் எழுதிய கோவையும் வெவ்வேறு விடைகளாகிவிடலாம். "ஸ்ரீ" இன்னும் மோசம். அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்தான். இந்த இரண்டையும் அந்தச் சமனாக்கும் முறைகூட ஒன்றாக்குவதில்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர் தம் ஊரைத் தமிழிலேயே எழுதித் தோற்கலாம்.

எழுத்து பொருந்தினாலும் கேள்வியே பொருந்தாமல் போவதும் உண்டு. "Mädchenname der Mutter" என்பது தாய் திருமணத்துக்கு முன் கொண்டிருந்த குடும்பப் பெயர். பெண்கள் மணமானதும் கணவரின் குடும்பப் பெயரை ஏற்கும் வழக்கத்திலிருந்து பிறந்த கேள்வி இது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைக்கும் தமிழ் வழக்கில் இதற்கு நேரான பெயரே கிடையாது. ஆகவே பதிவு செய்த நாளில் ஒருவர் தாயின் பெயரை எழுதியிருப்பார், இன்னொருவர் தாய்வழிப் பாட்டனார் பெயரை, மற்றொருவர் தலைப்பெழுத்தோடு தாயின் பெயரை எழுதியிருப்பார். பின்னால் அதே கேள்வியைத் தமிழாக்கத்தில் படிக்கும்போது புரிந்துகொள்வது அன்று புரிந்துகொண்டதோடு ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இவ்வளவு சிக்கல் இருந்தால் தளங்கள் கொஞ்சம் இளகலாமே, நெருங்கிய விடைகளையும் ஏற்கலாமே என்பது அடுத்த வாதம். பயனரின் தவிப்பிலிருந்து வரும் வாதம் என்பதால் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் இளகினால் முதலில் உள்ளே வருபவர் திருடராகத்தான் இருப்பார். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் பயனர்களின் விடைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டுகிறது. கொரிய மொழிப் பயனர்கள் பிறந்த ஊரைப் பத்து முயற்சிகளில் ஊகித்துவிடும் வாய்ப்பு 39 விழுக்காடு. மக்கள் சில பெருநகரங்களில் குவிந்திருப்பதால், பெரிய ஊர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டாலே போதும். மறுபுறம், அமெரிக்காவின் ஆங்கிலப் பயனர்களில் 40 விழுக்காட்டினருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் தங்கள் விடையே நினைவுக்கு வரவில்லை. அந்நியர் ஊகிக்க முடிகிறது, உரியவர் நினைவுகூர முடியவில்லை. அதே ஆய்வில் குறுஞ்செய்தி வழியாக மீண்டவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல், மாற்று மின்னஞ்சல் வழியாக ஏறத்தாழ 75 விழுக்காடு. ஆகவே பாதுகாப்புக் கேள்வியைச் செப்பனிடுவதைவிட அதைக் கைவிடுவதே சரி என்பது என் முடிவு.

அதுவரை, கேள்வியின் முன்னால் மாட்டிக்கொண்டவர் முதலில் செய்ய வேண்டியது தட்டாமல் இருப்பது. தளம் தரும் வாய்ப்புகள் சில மட்டுமே, கண்டபடி முயன்றால் அவை தீர்ந்துவிடும். ஒரு தாளில், பதிவு செய்த காலத்தில் எந்தக் கருவியில், எந்த எழுத்தில் எழுதும் வழக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளில் படிவங்களிலும் கடிதங்களிலும் ஊர்ப்பெயரை எப்படி எழுதினீர்கள் என்று பழைய மின்னஞ்சல்களைத் தேடினால் தெரியும். ஜெர்மன் தெருப்பெயரை விடையாக வைத்திருந்தால் Müllerstraße என்றா, Muellerstrasse என்றா என்பதையும் யோசிக்க வேண்டும். ஜெர்மன் விசைப்பலகையில் Y, Z இரண்டும் இடம் மாறியிருக்கும் என்பதும் முக்கியம். விடை புள்ளிகளாக மறைந்து தெரியும் தளத்தில், பழக்கத்தில் Jayalakshmi என்று தட்டியவரின் விடை Jazalakshmi என்று பதிவாகியிருக்கும். கடவுச்சொல்லுக்கும் இதே கதைதான். மறந்துவிட்டதாக நினைக்கும் சில கடவுச்சொற்கள் விசை மாறியவை மட்டுமே.

இந்த வழிகளும் பலிக்காவிட்டால் மீட்பு மின்னஞ்சல்தான் கதி. அந்நிய மொழியில் வரும் மடல் எல்லாம் மோசடி என்பது இங்கே குறுக்கே நிற்கும் இரண்டாவது நம்பிக்கை. கணக்கு ஜெர்மன் மொழியில் பதிவாகியிருந்தால் மடலும் ஜெர்மனில்தான் வரும், நீங்கள் திருச்சியில் இருப்பதால் அது தமிழாகிவிடாது. அதே நேரம் சந்தேகமும் தேவை. ஆகவே மொழியைப் பார்க்காமல், கேட்டு வந்த மடலா, கேட்காமல் வந்த மடலா என்று பாருங்கள். தளத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய், "Passwort vergessen?" என்பதை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். பொறுமையின்றிப் பலமுறை அழுத்தினால், பல தளங்களில் கடைசி மடலின் இணைப்பு மட்டுமே வேலை செய்யும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். அனுப்பியவர் பெயரை விட்டுவிட்டு முகவரியில் @ குறிக்குப் பின் உள்ளதை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். கடைசிப் புள்ளியை ஒட்டி இடப்பக்கம் தளத்தின் சொந்தப் பெயர் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் எங்கோ அந்தப் பெயர் இருப்பது போதாது.

மடலில் "Passwort zurücksetzen" என்ற பொத்தான், கடவுச்சொல்லை மீட்டமைக்க. "gültig" என்ற சொல்லுக்கு அருகே எத்தனை "Minuten" அல்லது "Stunden" என்று இணைப்பின் ஆயுள் இருக்கும். "bis 14:00 Uhr" என்பது போல மணி குறித்திருந்தால் அது ஜெர்மன் நேரமாகவே இருக்கும். குளிர்காலத்தில் அது நமக்கு மாலை 6:30, கோடையில் 5:30. குறியீடு வந்திருந்தால் மொழிபெயர்த்த பிரதியிலிருந்து எடுக்காமல் மூல மடலிலிருந்து நகலெடுங்கள். சொற்களால் ஆன தற்காலிகக் கடவுச்சொல்லை மொழிபெயர்ப்புக் கருவி பெயர்த்துவிடக்கூடும். இணைப்பையும் குறியீட்டையும் எந்த மொழிபெயர்ப்புத் தளத்திலும் ஒட்டாதீர்கள், மற்ற வரிகளை மட்டும் ஒட்டுங்கள். அடுத்த பக்கத்தில் "Neues Passwort" என்பது புதிய கடவுச்சொல், "wiederholen" என்றால் அதையே மறுபடி, "Speichern" என்றால் சேமிக்க. ஜெர்மன், ஆங்கில விசைப்பலகைகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்துகளைக் கொண்டு, y, z, @ இல்லாமல், நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதாகத் தளம் சொல்லி, அந்த எண் இன்று உங்களிடம் இல்லையென்றால், மேலே சொன்ன எதுவும் உதவாது. ஆகவே இன்னும் உள்ளே நுழைய முடிகிற ஒவ்வொரு வெளிநாட்டுக் கணக்கிலும் இன்றே உங்கள் இப்போதைய எண்ணையும் மாற்று மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள், தளம் அனுமதித்தால் பாதுகாப்புக் கேள்வியை நீக்கிவிடுங்கள்.