குரூப் போட்டோவில் இல்லாதவரைச் சேர்க்கும்போது உயரம் சரியாக வர…

வெளிநாட்டிலிருந்து விசேஷத்துக்கு வர முடியாத தம்பியைப் பிறகு குடும்பப் படத்தில் ஒட்டிச் சேர்ப்பது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. பின்னணியை வெட்டி எடுப்பதெல்லாம் சுலபம். அப்பா பக்கத்தில் தம்பி பனைமரமாகவோ பள்ளிக்கூடப் பையனாகவோ நின்றுவிடுவதுதான் காட்டிக்கொடுக்கும். கீழே உள்ளவை போட்டோஷாப்பில் செய்பவர்களுக்கு.

1. கண்ணால் பார்த்து இழுக்காதீர்கள். முதலில் இருவரின் உயரத்தையும் கேளுங்கள். எண் தெரியாவிட்டாலும், “அப்பாவைவிட நாலு விரல் உயரம்” என்று அம்மா சொன்னால் போதும். நாலு விரல் அகலம் ஏறத்தாழ 8 செ.மீ. அப்பா 170 என்றால் தம்பி 178.

2. குரூப் படத்தில் அப்பாவை ரூலரால் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்துகொள்ளுங்கள். தூக்கி வாரிய முடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 1360 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 170ஆல் வகுத்தால் ஒரு செ.மீ.க்கு 8 பிக்சல். ஆகவே அப்பாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் தம்பி 178 × 8 = 1424 பிக்சல் இருக்க வேண்டும். அவருடைய தனிப்படத்தில் ஆள் 2492 பிக்சல் இருந்தால், Ctrl+T அழுத்தி, மேலே W, H பெட்டிகளுக்கு நடுவில் உள்ள சங்கிலியைப் போட்டுவிட்டு 57.1% என்று கொடுங்கள். ஷூ போட்டு எடுத்த படமென்றால் அதன் அடி உயரத்தையும் 178உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. பின்வரிசையில் நிறுத்துவதாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கேமராவைச் சாய்க்காமல் சமதரையில் எடுத்த படத்தில், கேமரா இருந்த உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டால், முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் எல்லாரையும் அது தரையிலிருந்து ஒரே உயரத்தில்தான் வெட்டும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க, தரை டைல்ஸில் உள்நோக்கிப் போகும் இரண்டு இடைவெளிக் கோடுகளை நீட்டுங்கள். அவை சந்திக்கும் புள்ளி வழியாகத்தான் அது போகும். நம் படத்தில் அது அப்பாவின் பாதத்துக்கு 960 பிக்சல் மேலே இருக்கிறது என்போம். 8ஆல் வகுத்தால் 120 செ.மீ.; கேமரா இருந்த உயரம் அதுதான்.

தம்பியின் பாதம் அப்பாவின் பாதத்துக்கு 96 பிக்சல் மேலே வருகிறதென்றால், அங்கிருந்து கோட்டுக்கு 864 பிக்சல். 120ஆல் வகுத்தால் அந்த இடத்தில் செ.மீ.க்கு 7.2தான். 178 × 7.2, அதாவது சுமார் 1282 பிக்சல். அப்பாவின் 1360ஐவிடக் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். பாதம் 96 மேலே இருப்பதால் தம்பியின் தலை அப்பாவின் தலைக்கு 18 பிக்சல் மேலே வந்துவிடும். பக்கத்தில் நின்றிருந்தால் 64 வந்திருக்கும். முன்வரிசைக்காரர்கள் பாதத்தை மறைத்தாலும் கணக்கு இதேதான். நிற்கும் இடத்தை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

4. ஒட்டிய பிறகு தலைகளைப் பாருங்கள். உயரம் வித்தியாசப்படும் அளவுக்குப் பெரியவர்களின் தலை வித்தியாசப்படாது. ஒரே வரிசையில் தம்பியின் தலை மட்டும் மற்றவர்களைவிடப் பளிச்சென்று பெரிதாக இருந்தால், உயரத்தைத் தப்பாகக் கொடுத்திருப்பீர்கள், அல்லது அது கிட்டத்தில் நின்று எடுத்த படம்.

5. அந்தக் கிட்டத்துப் படத்தை எந்தச் சதவீதமும் காப்பாற்றாது. கை நீட்டும் தூரத்து செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கி, உடம்பு சிறுத்திருக்கும். நின்றிருப்பவரை முகத்துக்கு நேரே ஃபோனைப் பிடித்து அருகிலிருந்து எடுத்தால் கால் குட்டையாகிவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, குரூப் படம் எடுத்த அதே கேமரா உயரத்தில் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

6. தாத்தாவுக்கு மார்பளவுப் படம்தான் இருக்கிறதா? அதே வரிசையில் நிற்கும் இன்னொரு பெரியவரின் கண்ணிலிருந்து தாடை வரை அளந்து, அதற்குத் தாத்தாவைப் பொருத்துங்கள். குனிந்த முகம் இந்த அளவைக் கெடுக்கும். இருவரும் நேராகப் பார்க்கும் முகமாக இருக்கட்டும். பிறகு அவர் நிஜத்தில் இருந்த உயரத்துக்குத் தலையை ஏற்றி இறக்கி, சோபாவுக்கோ உட்கார்ந்திருப்பவர்களுக்கோ பின்னால் வைத்துவிடலாம்.

7. குழந்தைக்கு இந்தத் தலைக்கணக்கு உதவாது. பெரியவரின் உயரம் தலையைப் போல் சுமார் ஏழரை மடங்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறுதான். பெரியவரின் படத்தைச் சுருக்கினால் குழந்தை வராது, குள்ளமான பெரியவர்தான் வருவார். ஆகவே குழந்தையின் பழைய படத்தைச் சேர்க்கும்போது, அந்த வயதில் அது இருந்த உயரத்தை வைத்தே கணக்குப் போடுங்கள்.

8. அளவு மாற்றும் முன் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிடுங்கள். சுருக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கினாலும் தெளிவு போகாது. மூலைப் பிடியை இழுத்து மாற்றுபவர்கள் ஷிஃப்ட் பொத்தானைக் கவனியுங்கள். பழைய பதிப்புகளில் அதை அழுத்தினால்தான் விகிதம் மாறாது. 2019 பதிப்பிலிருந்து அழுத்தினால் ஆள் ஒரு பக்கமாக நீண்டுவிடுவார்.