லெக் டேக்கு எவ்வளவு சோறு? டிரெய்னர்களுக்கான கார்ப் கணக்கு

“மாஸ்டர், டயட்ல சோத்தை விட்டுட்டேன். ஸ்ட்ரெங்த் போயிடுமா?” மாதத்துக்கு நாலு கிளையன்ட்டாவது இதைக் கேட்பார்கள். “கார்ப் இல்லாம பவர் வராது” என்று ஒரு டிரெய்னர் சொல்வார். “கார்பே வேணாம், விடு” என்று பக்கத்து டிரெய்னர் சொல்வார். இரண்டுமே அரைகுறை. அந்த கிளையன்ட் ஒரு தசைக்கு எத்தனை செட் போடுகிறார் என்று முதலில் கேட்பவர்தான் விவரமானவர். பர்சனல் டிரெய்னிங் பேக்கேஜ் அவரிடம்தான் ரின்யூ ஆகும். அந்தக் கணக்கை இப்படிப் போடுங்கள்.

1. ஒரு செஷனில் எவ்வளவு கிளைகோஜன் செலவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தசையில் சேமித்து வைத்திருக்கும் கார்ப்தான் கிளைகோஜன். கனமான எடையில் 1 முதல் 3 ரெப் வரை போட்டால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். அதற்குத் தசையில் தயாராக இருக்கும் ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் இரண்டுமே பெரும்பாலும் போதும். 8, 10, 12 ரெப் என்று செட் நீளும்போதுதான் கிளைகோஜன் வேகமாகக் கரைகிறது. 1999-ல் மெக்டூகல் குழு பைசெப்ஸ் கர்லை வைத்து இதை அளந்தது. 80 சதவீத எடையில் முடியாத வரை போட்ட ஒரு செட்டில் ஏறத்தாழ 12 சதவீதமும், மூன்று செட்டில் ஏறத்தாழ 24 சதவீதமும் குறைந்தது. 1991-ல் ராபர்க்ஸ் குழு நடத்திய சோதனையில், 70 சதவீத எடையில் ஆறு செட் லெக் எக்ஸ்டென்ஷன் போட்ட பிறகு தொடையில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கரைந்தது. அதாவது வழக்கமான ஒர்க்அவுட் முடிந்த பிறகும் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது.

இதைக் கிராமில் பார்ப்போம். நன்றாகச் சாப்பிடுபவரின் ஒரு கிலோ தசையில் சுமார் 15 கிராம் கிளைகோஜன் இருக்கும். லெக் டேயில் வேலை செய்யும் தசை பத்து கிலோ என்று வைத்தால் கையிருப்பு 150 கிராம். அதில் 40 சதவீதம் போனால் செலவு 60 கிராம். இருநூறு கிராம் வெந்த சோற்றில் கிட்டத்தட்ட அவ்வளவு கார்ப் இருக்கிறது. ஒர்க்அவுட்டுக்கு முன்னால் ஒரு தட்டு பாஸ்தா, பின்னால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் என்று எழுதிக் கொடுக்கும் டயட் சார்ட்டை இந்த 60-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2. ஸ்ட்ரெங்த் குறைகிறதா என்பது தனிக் கேள்வி. கிளைகோஜன் கரைந்தால் ரெப் குறையும் என்று நேராக முடிவுகட்டிவிட முடியாது. 2022-ல் மென்னோ ஹென்செல்மான்ஸும் சக ஆய்வாளர்களும் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஓரளவு சாப்பிட்டுவிட்டு வந்தவர், ஒரு தசைக்கு பத்து செட் வரை போட்டால், கூடுதல் கார்ப் பெரும்பாலும் எந்த வித்தியாசமும் செய்வதில்லை. பலன் தெரிந்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வகை: வெறும் வயிற்றோடு ஒப்பிட்டவை, அல்லது பத்து செட்டைத் தாண்டிய நீண்ட செஷன்கள்.

வெறும் வயிறு என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நஹாருதின் குழு, காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் ஸ்க்வாட் ரெப் குறைகிறது என்று 2019-ல் காட்டியது. அடுத்த ஆய்வில், கெட்டியாகக் கரைத்த, கிட்டத்தட்ட கலோரியே இல்லாத ஒரு பானத்தை ‘காலை உணவு’ என்று கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தவர்களைவிட இவர்கள் கூடுதல் ஸ்க்வாட் ரெப் போட்டார்கள். உண்மையான கார்ப் சாப்பிட்டவர்களுக்கு இணையாகவே போட்டார்கள். ஆக, சில கிளையன்ட்டுகளைப் பசியும் ‘இன்னைக்கு சாப்பிடலையே’ என்ற நினைப்பும்தான் தளர்த்துகின்றன. அவர்களுக்கு 40 நிமிடம் முன்னால் ஒரு வாழைப்பழம் கொடுங்கள். கிளைகோஜன் லெக்சர் வேண்டாம்.

பத்து செட்டுக்கு மேல் ஏன் கதை மாறுகிறது? சராசரி 40 சதவீதம் என்றாலும் எல்லா இழையிலும் அது சமமாகக் கரைவதில்லை. வேகமாகச் சுருங்கும் இழைகள் சிலவற்றில், அதுவும் சுருக்கம் நடக்கும் இடத்திலேயே இருக்கும் பகுதி, கிட்டத்தட்ட காலியாகிவிடுகிறது. அங்கே கால்சியம் வெளிவருவது மந்தமாகி, சுருக்கம் பலவீனமாகிறது. கடைசி செட்களில் அடி விழுவதற்கு இது நியாயமான காரணம்.

3. கிளையன்ட்டின் செட்டை எண்ணுங்கள். எடை 75 கிலோ, ஐடி வேலை, வாரம் நாலு நாள், மாலை ஏழு மணி ஸ்லாட் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருடைய லெக் டே: ஸ்க்வாட் 4 செட், லெக் பிரஸ் 4, ருமேனியன் டெட்லிஃப்ட் 3, லெக் கர்ல் 3, லெக் எக்ஸ்டென்ஷன் 3. மொத்தம் 17. ஆனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். முன்தொடைக்கு 11, பின்தொடைக்கு 6. பத்து செட் எல்லையை லேசாகத் தாண்டுவது முன்தொடை மட்டும்தான். இவருக்கு ஒரு கிலோ எடைக்கு 3 கிராம், அதாவது நாளுக்கு 225 கிராம் கார்ப் தாராளம். பாடப்புத்தகங்கள் ஸ்ட்ரெங்த் வீரர்களுக்கு 4 முதல் 7 கிராம் வரை சொல்கின்றன. தினம் இரண்டு செஷன் போடும் வீரருக்கு அது சரி. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு அதை எழுதிக் கொடுத்தால் இடுப்பளவுதான் முன்னேறும். அவர் எடை குறைக்க விரும்பினால் 2 கிராமுக்கு இறக்கலாம். அப்போது லெக் டேக்கு முந்தைய இரவும் அன்று மதியமும் கார்பை வைத்துக்கொண்டு, ரெஸ்ட் டேயில் வெட்டுங்கள்.

4. புகார் வந்தால் ஒர்க்அவுட் லாக்கைத் திறங்கள். முதல் செட்டிலேயே எடை கனக்கிறதா? கார்பைச் சந்தேகிக்காதீர்கள். தூக்கம், மொத்தக் கலோரி, தேறாத களைப்பு இவற்றைப் பாருங்கள். முதல் இரண்டு செட் வழக்கம்போல் இருந்து, 10, 10, 7, 5 என்று வழக்கத்தைவிடச் சரிந்தால் கார்ப் ஒரு காரணமாக இருக்கலாம். உறுதி செய்ய இரண்டு வாரம் கார்பை 75 கிராம் கூட்டி, அதே கலோரிக்குக் கொழுப்பைக் குறையுங்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, கார்பில் 4. ஆக எண்ணெய், நட்ஸ் வகையிலிருந்து 33 கிராம் கொழுப்பு வெளியே போக வேண்டும். புரோட்டீன், ஓய்வு நேரம், காபி எதையும் மாற்றக் கூடாது. கலோரியையும் சேர்த்து ஏற்றிவிட்டு “பாருங்க, கார்ப்தான்” என்று சொல்வதுதான் ஜிம்மில் அதிகம் நடக்கும் தவறு.

5. எடை மெஷினை நம்பி ரிசல்ட் விற்காதீர்கள். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். கார்பை வெட்டிய முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது பெரும்பாலும் இதுதான். சாப்பிட்டதும் திரும்பி வரும். முதல் நாளே சொல்லிவிட்டால் நீங்கள் விஷயம் தெரிந்தவர். பிறகு சொன்னால் சமாளிப்பவர்.

போட்டிக்குப் போகும் பவர்லிஃப்டர் கிளையன்ட்டுக்கு இதே தண்ணீர் சாதகமாக இருக்கும். கடைசி சில நாள் கார்பைக் குறைத்து எடைப் பிரிவுக்குள் நுழையலாம். ஐபிஎஃப் விதிப்படி எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன் தொடங்கும். மேடையில் மொத்தம் ஒன்பது அட்டெம்ப்ட், ஒவ்வொன்றும் ஒரே ரெப். கிளைகோஜன் கொஞ்சம் குறைந்திருப்பது அங்கே பெரிதாக உறைக்காது. எடை பார்த்ததும் தண்ணீர், உப்பு, எளிதில் செரிக்கும் சோறு போதும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் கிளையன்ட்டுக்கு மட்டும் கார்ப் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். மருந்து அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப வைக்கப்பட்டது. கார்பைத் திடீரென வெட்டினால் செஷன் நடுவிலேயே சர்க்கரை இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் தெரிந்தால் செட்டை நிறுத்தி உடனே சர்க்கரை கொடுங்கள். அடுத்த டயட் பிளானை அவருடைய டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுங்கள்.